ஒரே ஷாஃப்ட்டுக்கு மூன்று விடை: 36, 74, 80. எது சரி?

கடைசிபெஞ்ச் · செவ்வாய் இரவு 9:12

வணக்கம். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ஒரு கணக்கில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

40 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட். பேரிங்கைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஒரு ஹெலிக்கல் கியர். கியரின் நடுவிலிருந்து பேரிங்கின் நடு வரை 100 மி.மீ. கியரின் பிட்ச் விட்டம் 120 மி.மீ. முறுக்கம் 240 நியூட்டன் மீட்டர். ஜோடி கியர் நேர் மேலே இருக்கிறது, அதாவது பற்கள் தொடும் இடம் உச்சியில். பிரஷர் ஆங்கிள் 20 டிகிரி, ஹெலிக்ஸ் ஆங்கிளும் 20 டிகிரி. அச்சு விசை ஷாஃப்ட்டை வெளிப்பக்கமாக இழுக்கிறது.

விசைகளைப் பிரித்துவிட்டேன். தொடுகோட்டு விசை 4000 நியூட்டன், ஆர விசை 1549, அச்சு விசை 1456. இதுவரை எல்லோருக்கும் ஒன்றுதான். பேரிங் இருக்கும் வெட்டுமுகத்தில் முதன்மைத் தகைவு கேட்கிறார்கள். எனக்கு 36 வருகிறது. ரூம்மேட்டுக்கு 74. விடைத்தாளில் 80.1 என்று இருக்கிறது. (எல்லாம் மெகாபாஸ்கலில்.) நான் உச்சிப் புள்ளியை எடுத்தேன். ஆர விசை கீழே அமுக்குவதால் அங்கேதான் இழுவிசை அதிகம் என்று நினைத்தேன். எங்கே தப்பு?

---

உப்புக்காற்று · செவ்வாய் இரவு 9:30

கிரிட்டிக்கல் பாயிண்ட் என்றால் முதலில் எத்தனை ஆர்.பி.எம். என்று சொல்லுங்கள். அது தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. எங்கள் படகில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உடம்பையே உலுக்கும். அந்த வேகத்தைச் சட்டென்று தாண்டிவிட வேண்டும், அங்கேயே ஓட்டக் கூடாது.

---

கடைசிபெஞ்ச் · செவ்வாய் இரவு 9:34

அண்ணா, அது கிரிட்டிக்கல் ஸ்பீடு. நான் கேட்பது ஷாஃப்ட்டின் மேற்பரப்பில் தகைவு மிக அதிகமாக இருக்கும் புள்ளி எது என்று.

---

உப்புக்காற்று · செவ்வாய் இரவு 9:41

ஓ, சரி சரி. அவசரத்தில் படித்துவிட்டேன். ஆனாலும் ஆர்.பி.எம். கேட்டது தப்பில்லை, பின்னால் தேவைப்படும் பாருங்கள்.

---

மோர்வட்டம் · செவ்வாய் இரவு 10:05

இதற்கு ஏன் இவ்வளவு குழப்பம்? ஈக்விவலண்ட் மொமெண்ட் சூத்திரம் இருக்கிறதே. தொடுகோட்டு விசையால் 4000 × 0.1 = 400. ஆர விசையால் 1549 × 0.1 = 154.9. இரண்டும் செங்குத்தான தளங்கள், வர்க்கம் கூட்டி மூலம் எடுத்தால் 429. அப்புறம்

```
Me = (M + sqrt(M^2 + T^2)) / 2
```

இதில் M = 429, T = 240 போட்டால் Me = 460. அதை 6283 கன மி.மீ. செக்‌ஷன் மாடுலஸால் வகுத்தால் 73.2. உங்கள் ரூம்மேட் அச்சு விசையின் P/A-வையும் சேர்த்திருப்பார், அதனால்தான் 74. அச்சு விசை இங்கே வெறும் 1.16 தகைவுதான் தருகிறது. அதை விட்டுவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. என் கணக்கில் 74 சரி. விடைத்தாளில் அச்சுப் பிழை.

---

திருகுமரை · செவ்வாய் இரவு 11:20

விடைத்தாள் சரி. தம்பியின் தப்பும் ரூம்மேட்டின் தப்பும் வேறு வேறு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் உச்சிப் புள்ளி. ஆர விசை கீழே அமுக்குகிறது, அதனால் உச்சியில் இழுவிசை. அது சரி. ஆனால் இந்த ஷாஃப்ட்டை அதிகம் வளைப்பது ஆர விசை அல்ல, தொடுகோட்டு விசை. 4000 நியூட்டன் பக்கவாட்டில் தள்ளுகிறது. உச்சியில் நின்று பார்த்தால் அந்த வளைவின் தகைவு பூஜ்யம், ஏனென்றால் அந்த வளைவுக்கு உச்சிதான் நியூட்ரல் ஆக்ஸிஸ். மூன்றில் மிகப் பெரிய மொமெண்ட் கண்ணில் படாத இடத்தில் போய் நின்றுகொண்டு கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் 36.

பக்கப் புள்ளியை எடுத்தால் ஆர விசை காணாமல் போகும். இரண்டு இடத்தின் தகைவையும் அப்படியே கூட்டுவதும் தவறு, இரண்டு உச்சமும் ஒரே புள்ளியில் வருவதில்லை. சதுரக் கம்பியாக இருந்தால் மூலையில் இரண்டும் சேரும், அங்கே கூட்டலாம். வட்டத்துக்கு மூலை கிடையாது. மொமெண்ட்டுகளைத் திசையோடு கூட்டி, அந்தத் தொகுபயன் எந்தப் பக்கத்தை இழுக்கிறதோ அங்கே போய் நிற்க வேண்டும். ரூம்மேட்டும் மோர்வட்டமும் இதைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

அவர்கள் விட்டது வேறு. அச்சு விசை ஷாஃப்ட்டின் மையக்கோட்டில் செயல்படவில்லை. பற்கள் தொடும் இடத்தில், அதாவது மையத்திலிருந்து 60 மி.மீ. மேலே செயல்படுகிறது. 1456 × 0.06 = 87.4 நியூட்டன் மீட்டர் மொமெண்ட். P/A-வில் பார்த்தால் 1.16 என்று ஒன்றுமில்லாததுபோல் இருக்கும் அதே விசை, இந்த வழியில் தனியாக 13.9 தகைவைக் கொண்டுவருகிறது. முன்வாசலில் கொசுவைத் துரத்திக்கொண்டிருக்கும்போது கொல்லைப்புறமாக மாடு நுழைந்த கதை.

---

மோர்வட்டம் · புதன் காலை 7:15

ஒப்புக்கொள்கிறேன், அதை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த 87.4-ஐக் கூட்டுவதா கழிப்பதா? அதை எப்படி முடிவு செய்வது? ஆர விசையின் மொமெண்ட்டும் இதுவும் ஒரே தளத்தில்தான் இருக்கின்றன.

---

திருகுமரை · புதன் காலை 8:02

நல்ல கேள்வி, கணக்கின் உயிரே இதில்தான் இருக்கிறது.

ஒரு கடப்பாரை சுவரில் கிடைமட்டமாகப் பதிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வெளி முனையில் செங்குத்தாக ஒரு கட்டையைக் கட்டுங்கள். கட்டையின் மேல் நுனியைப் பிடித்து உங்கள் பக்கமாக, சுவரை விட்டு வெளியே, இழுங்கள். கட்டை முன்னால் சாயும், கடப்பாரையின் முனை கீழே போகும், கடப்பாரையின் மேற்பரப்பு இழுபடும். ஆர விசை கீழே அமுக்கும்போதும் மேற்பரப்புதான் இழுபடுகிறது. ஆக இரண்டும் ஒரே கட்சி. கூட்ட வேண்டும்: 154.9 + 87.4 = 242.3.

அதே கட்டையின் மேல் நுனியைச் சுவரை நோக்கித் தள்ளினால் கதை தலைகீழ். 154.9 − 87.4 = 67.5 தான் மிஞ்சும்.

தம்பியின் கணக்கில் வெளிப்பக்க இழுப்பு. எனவே:

செங்குத்துத் தளத்தில் 242.3, கிடைத்தளத்தில் 400. தொகுபயன் 467.7. வளைவுத் தகைவு 74.4, அதோடு P/A 1.16, மொத்தம் 75.6. முறுக்கத்தால் வரும் ஷியர் தகைவு 19.1.

அரை மடங்கு 37.8. மோர் வட்டத்தின் ஆரம் 37.8-க்கும் 19.1-க்கும் வர்க்கம் கூட்டி மூலம், 42.3. ஆக முதன்மைத் தகைவுகள் 37.8 + 42.3, 37.8 − 42.3, அதாவது 80.1-ம் −4.6-ம். அதிகபட்ச ஷியர் 42.3. இதுதான் உங்கள் விடைத்தாள்.

புள்ளி எங்கே? உச்சியிலிருந்து பக்கவாட்டில் 59 டிகிரி இறங்கிய இடம், தொடுகோட்டு விசை தள்ளும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். 400/242.3-இன் டேஞ்ஜென்ட் கோணம். உச்சியும் இல்லை, பக்கமும் இல்லை.

---

கடைசிபெஞ்ச் · புதன் மதியம் 1:20

கொல்லைப்புற மாடு! இனி மறக்காது சார். நன்றி.

ஒரு சந்தேகம். தொகுபயன் மொமெண்ட் கிடைத்த பிறகு எதிர் எதிராக இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. ஒன்றில் இழுவிசை, மற்றதில் அமுக்கு விசை. எப்போதும் இழுவிசைப் புள்ளியைத்தான் எடுக்க வேண்டுமா?

---

திருகுமரை · புதன் மாலை 6:45

இல்லை. P/A எந்தக் குறியோ அந்தப் பக்கத்தில்தான் தகைவின் அளவு பெரிதாக வரும். P இழுத்தால் இழுவிசைப் புள்ளி, P அமுக்கினால் அமுக்குப் புள்ளி. P/A செய்யும் வேலை இது ஒன்றுதான்: இரண்டு புள்ளிகளில் எது என்று காட்டிக்கொடுப்பது. நான்கு நிலையையும் போட்டுப் பாருங்கள்:

```python
from math import pi, hypot, sqrt
Wt, Wr, Wa = 4000, 1549, 1456     # N
L, r, d, T = 100, 60, 40, 240e3   # mm, N.mm
A, Z = pi*d**2/4, pi*d**3/32
for s in (1, -1):
    M = hypot(Wt*L, Wr*L + s*Wa*r)
    for b in (1, -1):
        sx = s*Wa/A + b*M/Z
        R = sqrt((sx/2)**2 + (T/(2*Z))**2)
        print(s, b, round(sx/2 + R, 1), round(sx/2 - R, 1))
```

`s` அச்சு விசையின் திசை, `b` எந்தப் பக்கப் புள்ளி. எனக்கு வந்தது:

```
1 1 80.1 -4.6
1 -1 4.7 -77.9
-1 1 68.7 -5.3
-1 -1 5.1 -70.9
```

மேலே இரண்டு வரிக்கும் கீழே இரண்டு வரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். விசைகளின் அளவு ஒன்றுதான். அச்சு விசையின் திசை மட்டும் மாறியது. வளைவு மொமெண்ட் 468-லிருந்து 406-க்கு இறங்கிவிட்டது.

---

பழைய லேத் · புதன் இரவு 9:50

வணக்கம். நான் படித்தது ஐ.டி.ஐ. டர்னர், கோயம்புத்தூர் பக்கம் சின்ன ஒர்க்‌ஷாப். மேலே இருக்கும் கணக்கு பாதிதான் புரிந்தது. ஆனால் கடைசி வரியைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது.

ஒரு வாடிக்கையாளரின் மிக்ஸிங் மெஷின். இதே மாதிரிதான், வெளியே நீட்டிய ஷாஃப்ட், நுனியில் ஹெலிக்கல் கியர். பல வருஷம் ஓடிய ஷாஃப்ட் ஒருநாள் உடைந்தது. இ.என். 8-இல் புதிது கடைந்து கொடுத்தேன். ஏழெட்டு மாதத்தில் அதே இடத்தில் உடைந்தது. பேரிங் உட்காரும் இடம் முடிந்து ஸ்டெப் ஏறும் மூலையில். உடைந்த முகம் கிட்டத்தட்ட நேராக, ரம்பத்தால் அறுத்த மாதிரி. ஓரத்திலிருந்து சிப்பி ஓட்டில் இருப்பதுபோல் வளைய வளையமாகக் கோடுகள், எதிர்ப்பக்கம் கொஞ்சம் இடம் மட்டும் கரடுமுரடு.

வாடிக்கையாளர் லோடு அதிகம் போடவில்லை என்று சத்தியம் செய்தார். இரண்டாவது முறை அந்த மூலையில் ரேடியஸைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் உடையவில்லை. ஆனால் முதலில் பல வருஷம் ஓடியது ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. பழைய ஷாஃப்ட்டிலும் அதே கூர் மூலைதான்.

---

திருகுமரை · புதன் இரவு 10:40

அண்ணா, நீங்கள் சொன்ன உடைந்த முகத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. முறுக்கத்தால் வரும் களைப்பு விரிசல் சாய்வாக, 45 டிகிரியை ஒட்டி ஓடும். சாக்பீஸை முறுக்கி உடைத்தால் திருகு மாதிரி உடைவதும் அதே காரணம்தான். உங்களுடையது நேராக உடைந்திருக்கிறது, ஆக வளைவுதான் கொன்றது. தம்பியின் கணக்கில்கூடப் பாருங்கள்: 2 × 19.1 / 75.6-க்கு டேஞ்ஜென்ட் கோணம் எடுத்து அரையாக்கினால் 13.4 டிகிரி. பெரிய முதன்மைத் தகைவு அச்சிலிருந்து அவ்வளவுதான் சாய்கிறது. விரிசல் அதற்குச் செங்குத்தாகப் போகும், கிட்டத்தட்ட நேர்வெட்டு.

இங்கேதான் உப்புக்காற்று கேட்ட சுழற்சி உள்ளே வருகிறது. 80.1 வரும் புள்ளி வெளியில் நிற்பவருக்கு ஒரே இடம். ஷாஃப்ட் சுற்றுவதால் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு துளியும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை அந்த இடத்தைக் கடக்கிறது, அரைச் சுற்றுக்குப் பின் எதிர்ப்புள்ளிக்கும் போகிறது. ஆக உலோகத்துக்கு வளைவுத் தகைவு +74.4-க்கும் −74.4-க்கும் இடையே ஆடுகிறது. முறுக்கத்தின் 19.1-ம் P/A-வின் 1.16-ம் லோடு மாறாதவரை அசையாமல் நிற்கின்றன. களைப்புக் கணக்கில் ஆடும் பங்கையும் நிற்கும் பங்கையும் தனித்தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். 80.1 என்ற ஒற்றை எண்ணை எடுத்துப்போய் ஈல்டு ஸ்ட்ரெஸ்ஸோடு ஒப்பிட்டால் எல்லா ஷாஃப்ட்டும் பாஸாகிவிடும். உங்களுடையதும் பாஸாகித்தான் இருக்கும்.

இன்னொன்று. மொமெண்ட் மிக அதிகம் பேரிங்கின் நடுவில். ஆனால் மூலை அங்கே இல்லை, பேரிங்கின் அகலத்தில் பாதி தள்ளி உள்பக்கம் இருக்கிறது. 40 மி.மீ. துளையுள்ள 6308 பேரிங் என்றால் அகலம் 23, ஆக 11.5 மி.மீ. தள்ளி. அடுத்த பேரிங் 200 மி.மீ. தூரத்தில் என்று வைத்தால் மொமெண்ட் அங்கே 468-லிருந்து 441-ஆகத்தான் குறையும். கூர் மூலையோ தகைவை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிடும். பரீட்சையில் கேட்கும் புள்ளியும் நிஜத்தில் உடையும் புள்ளியும் ஒன்றல்ல.

ஒரு கேள்வி: முதல் ஷாஃப்ட் உடைவதற்குக் கொஞ்சம் முன்னால் மோட்டாரில் யாராவது கை வைத்தார்களா? ரீவைண்டிங், வயரிங், ஏதாவது?

---

பழைய லேத் · வியாழன் காலை 6:30

மோட்டார் எரிந்து ரீவைண்டிங் போனது ஞாபகம் இருக்கிறது. அது முன்னாலா பின்னாலா என்று கேட்டுச் சொல்கிறேன். ஏன்?

---

திருகுமரை · வியாழன் காலை 7:10

மூன்று பேஸில் இரண்டு மாறிப்போனால் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். மிக்ஸர் என்பதால் எப்படிச் சுற்றினாலும் கலக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சுழற்சி மாறினால் பல்லின் மறுபக்கம் தொடும், அச்சு விசையின் திசையும் மாறும். உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது வெளியே இழுக்க ஆரம்பிக்கும். தம்பியின் எண்களில் அது 406-லிருந்து 468, 15 சதவீதம். களைப்பில் 15 சதவீதம் சின்ன விஷயமில்லை. எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருந்தது கொஞ்சம் மேலே போனால், முடிவில்லாமல் ஓடிய ஷாஃப்ட் மாதக் கணக்கில் உடையும்.

---

மோர்வட்டம் · வியாழன் காலை 9:25

கொஞ்சம் பொறுங்கள். இது ஊகம். ஏழெட்டு மாதத்தில் உடைந்ததற்கு அலைன்மெண்ட் காரணமாக இருக்கலாம், புதிய ஷாஃப்ட்டின் கடைசல் கோடு ஆழமாக இருந்திருக்கலாம், மெட்டீரியலே வேறாக இருந்திருக்கலாம். ரேடியஸ் மாற்றியதும் நின்றுவிட்டது என்று அவரே சொல்கிறார். கூர் மூலைதான் குற்றவாளி.

இன்னொன்று, என் சூத்திரத்தை முந்தாநாள் குறை சொன்னீர்கள். அச்சு விசையையும் அதில் அடக்கலாம். P/A என்பது Pd/8 அளவுள்ள மொமெண்ட் தரும் தகைவுக்குச் சமம். 1456 × 0.04 / 8 = 7.3. 467.7-உடன் அதைக் கூட்டி 475 என்று போட்டால் Me 503.6, தகைவு 80.1. சூத்திரம் தப்பில்லை, நான் போட்ட M தான் தப்பு.

---

திருகுமரை · வியாழன் மதியம் 12:50

Pd/8 அழகான வழி, ஏற்றுக்கொள்கிறேன். P இழுத்தாலும் அமுக்கினாலும் பெரிய பக்கத்தைத்தான் அது தரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மிக்ஸர் விஷயத்தில் நான் சொன்னது ஊகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூர் மூலை மட்டும் காரணம் என்றால் முதல் ஷாஃப்ட் பல வருஷம் ஓடியதற்கு விளக்கம் வேண்டும்.

---

கடைசிபெஞ்ச் · வியாழன் மாலை 5:15

சார், குறுக்கு விசையின் ஷியரை யாரும் சேர்க்கவே இல்லையே? 4V/3A என்று படித்தோம். வைவாவில் கேட்டால் என்ன சொல்ல?

---

திருகுமரை · வியாழன் இரவு 8:30

அது உச்சமாக இருப்பது நியூட்ரல் ஆக்ஸிஸில். நாம் நிற்கும் புள்ளியில் அது கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால் சேர்க்கவில்லை. நியூட்ரல் ஆக்ஸிஸுக்கே போய்ப் பாருங்கள்: V 4289, 4V/3A 4.6, ஒரு பக்கத்தில் அது முறுக்கத்தின் 19.1-உடன் கூடும், 23.7. நம் புள்ளியில் அதிகபட்ச ஷியர் 42.3. எனவே போட்டியே இல்லை. கியர் பேரிங்கை ஒட்டி மிக அருகில் இருந்தால் வளைவு சுருங்கிவிடும், அப்போது இந்தப் புள்ளியையும் பார்த்தே ஆக வேண்டும். வைவாவில் "சேர்க்கவில்லை" என்று சொல்லாதீர்கள், "அந்தப் புள்ளியில் கிட்டத்தட்ட பூஜ்யம்" என்று சொல்லுங்கள்.

---

உப்புக்காற்று · வியாழன் இரவு 9:05

நீங்கள் பேசுவதைப் பார்த்தால் எங்கள் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலும் மூன்றும் இருக்கிறது. முன்னால் போகும்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை அமுக்குகிறது, ரிவர்ஸில் இழுக்கிறது. ப்ரொப்பெல்லரின் எடை கீழே இழுக்கிறது. அப்போது ரிவர்ஸ்தான் ஆபத்தா?

---

திருகுமரை · வியாழன் இரவு 9:40

அங்கே தள்ளுவிசை ஏறத்தாழ மையக்கோட்டில் வருகிறது, கொல்லைப்புற மொமெண்ட் அவ்வளவு இல்லை. அதனால் முன்னும் பின்னும் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க மாட்டேன். அங்கே பெரும்பாலும் முறுக்கம்தான் ராஜா, அப்புறம் உப்புத் தண்ணீர் அரிப்பு. வலை சுற்றிக்கொண்டு ஒரு இறகு மட்டும் அடிவாங்கினால் வேறு கதை.

---

பழைய லேத் · சனி மதியம் 3:10

கேட்டுவிட்டேன். ரீவைண்டிங் நடந்தது முதல் ஷாஃப்ட் உடைவதற்கு முந்தின வருஷம் என்கிறார். நேரிலும் போய் மெஷினைப் பார்த்தேன். கியர்பாக்ஸ் மேல் திசை காட்டும் அம்புக்குறி இருந்த இடத்தில் பச்சை பெயிண்ட் இரண்டு கோட் ஏறியிருக்கிறது. சுரண்டிப் பார்த்தேன், அம்பின் வால் தெரிகிறது, தலை இருந்த பக்கம் அரித்துப் போயிருக்கிறது. ஆனால் கியரின் பல்லில் இரண்டு பக்கமும் தேய்மானம் இருக்கிறது, ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் பளபளப்பு. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், இரவு போடுகிறேன்.

---

மோர்வட்டம் · சனி மதியம் 3:32

இரண்டு பக்கமும் தேய்ந்திருப்பது கியரைக் கழற்றித் திருப்பி மாட்டியதாலும் வரலாம். போட்டோ வரட்டும். அந்தப் பழைய ஷாஃப்ட் துண்டைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?

---

பழைய லேத் · சனி மதியம் 3:40

இரண்டாவதாக உடைந்தது இருக்கிறது, கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். முதல் துண்டு பழைய இரும்புக்குப் போய்விட்டது.